பிட்காயின் நீண்டகால சார்ட்: லாக் ஸ்கேலா, லீனியரா?

கேள்வி: பிட்காயின் சார்ட்ல 2017க்கு முன்னாடி தரையோட ஒட்டின ஒரு கோடுதான் தெரியுது. அப்பல்லாம் விலை ஏறி இறங்கவே இல்லையா?

பதில்: இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகவே இறங்கியது. 2013 கடைசியில் சுமார் 1,150 டாலர், 2015 ஜனவரியில் சுமார் 170: ஏறத்தாழ 85 சதவீதம் போச்சு. 2021 நவம்பரில் 69,000, ஓராண்டு கழித்து 15,500 என்றபோது போனது 78 சதவீதம்தான்.

லீனியரில் உயரம் டாலரை அளக்கிறது. 700 பிக்சலில் 70,000 டாலரை அடக்கினால் பிக்சலுக்கு 100 டாலர். பழைய சரிவுக்குப் பத்துப் பிக்சல் கிடைக்கும், புதியதற்கு 535. லாக்கில் உயரம் மடங்கை அளக்கிறது. அதே 700 பிக்சலில் 100 முதல் 1,00,000 வரை வைத்தால் பழையதற்கு ஏறத்தாழ 194, புதியதற்கு 151.

TradingView-ல் Alt + L அழுத்துங்கள், அல்லது விலை அச்சில் வலது கிளிக் செய்து Logarithmic. Binance-ன் BTCUSDT 2017 ஆகஸ்டில்தான் தொடங்குகிறது. பழைய வரலாறு வேண்டுமென்றால் Bitstamp-ன் BTCUSD-ஐத் திறக்கவும்.

கேள்வி: லாக்னா சதவீதம்தானே சார். 50% ஏறினாலும் 50% இறங்கினாலும் ஒரே உயரம்.

பதில்: பாதி சரி. 50% ஏற்றம் ஒன்றரை மடங்கு, 50% இறக்கமோ சரிபாதி. அந்த இறக்கத்துக்குச் சமமான உயரம் 100% ஏற்றத்துக்குத்தான். அச்சில் 10,000–20,000 இடைவெளியும் 20,000–40,000 இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: போன மாசம் வாங்கினது 12% கீழ கிடக்கு. லாக்ல வச்சா கொஞ்சம் ஆறுதலா தெரியுமா?

பதில்: தெரியாது. இவ்வளவு சின்ன மாற்றத்தில் இரண்டு சார்ட்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம்தான். திரையில் உள்ள உச்ச விலை, அடி விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் லாக்குக்கு மாறுங்கள். இது என் கணக்கு, விதியல்ல.

கேள்வி: லீனியர்ல போட்ட டிரெண்ட்லைன் உடைஞ்சிருக்கு. லாக்குக்கு மாத்தினா உடையவே இல்ல. எது பொய்?

பதில்: இரண்டும் வேறு வேறு கோடு. முனைகள் மட்டுமே அப்படியே இருக்கும், நடுவில் கடக்கும் விலை மாறிவிடும். 2018 டிசம்பரின் 3,200-ஐயும் 2022 நவம்பரின் 15,500-ஐயும் இணையுங்கள். சரிபாதி நாளில் லீனியர் கோடு 9,350-ல் இருக்கும், லாக் கோடு 7,040-ல். அன்று விலை 8,000 என்று வைத்தால் ஒன்றில் உடைந்தது, மற்றதில் உடையவில்லை. பல ஆண்டுக் கோட்டுக்கு நான் லாக்கையே எடுப்பேன். படம் பகிரும்போது ஸ்கேலையும் எழுதுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும். ஃபிபோனாச்சிக்கும் இதே சிக்கல் உண்டு. அமைப்பில் Fib levels based on log scale என்ற தேர்வைப் பாருங்கள்.

கேள்வி: லாக்லயும் கோடு மேல போகப்போக சாயுதே. இனிமே ஏற்றம் குறைவுன்னு அர்த்தமா?

பதில்: இதுவரை நடந்ததைத்தான் அது சொல்கிறது. 2013 உச்சத்திலிருந்து 2017 உச்சம் சுமார் 17 மடங்கு, அங்கிருந்து 2021 உச்சம் மூன்றரை மடங்கு. சிலர் இதில் ஒரு வளைவைப் பொருத்தி அடுத்த உச்சத்தையும் குறிக்கிறார்கள். மூன்று புள்ளிக்கு எந்த வளைவும் பொருந்தும். நான் அதை நம்பி வாங்கமாட்டேன்.