காற்றுக் குடையே வெயிலுக்கும் போதுமா?

"காற்றில் திரும்பாத மடக்குக் குடை இருக்கிறது. அதையே வெயிலுக்கும் பிடிக்கலாமா, தனியாக வாங்கணுமா?"

முதலில் விரித்த குடையின் மேல் செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். தோராயமான சோதனைதான், ஆனாலும் துணி முழுக்க வெளிச்சம் பரவினால் அதில் இருப்பது தண்ணீர் ஒட்டாத பூச்சு மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல வெயில் குடையில் பெரும்பாலும் உட்புறம் கறுப்புப் பூச்சு இருக்கும். துணி வெயிலைத் தடுக்கும் அளவு யுபிஎஃப் 50+ என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் 50-ல் ஒரு பங்குக்கு மேல் உள்ளே விடாது. ஆனால் அந்தப் பூச்சு மடிப்பில் வெடிக்கும், என் பழைய குடையில் கம்பி ஓரமாக ஊசி குத்தின மாதிரி வெளிச்சப் புள்ளிகள் வந்துவிட்டன.

அப்புறம் கம்பி. எடை குறைய மெல்லிய அலுமினியம் போட்டிருந்தால் பலத்த காற்றில் ஒரு தடவை வளைந்ததோடு சரி, நிமிராது. ஃபைபர் கம்பி வளைந்தாலும் பழையபடி நிமிரும். உங்கள் குடை டார்ச்சில் தோற்றால், ஃபைபர் கம்பியும் கறுப்புப் பூச்சும் சேர்ந்த ஒன்றை வாங்குங்கள், இரண்டு குடை வேண்டாம்.