கேள்வி பதில்: இரண்டாகப் படிக்கும் வாக்கியம், எழுத்தாளரிடம் கேட்கும் நேரம்

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, தமிழ்க் கதையை இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கறப்ப எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் எனக்கு ரெண்டு அர்த்தம் தெரியுதுங்க. எல்லாத்தையும் கேட்டா எழுத்தாளர் போனையே எடுக்க மாட்டார். எதைக் கேக்கறது, எதை விடறது?

இரண்டு அர்த்தத்தையும் ஆங்கிலம் அப்படியே சுமந்துகொள்ளுமா என்று முதலில் பாருங்கள் தம்பி. 'சுவரில் அம்மாவின் படம்' என்றால் அது அம்மாவை எடுத்த படமாக இருக்கலாம், அம்மா வரைந்ததாகவும் இருக்கலாம். ஆங்கிலத்திலும் அதே குழப்பத்தோடு எழுத முடியும். அதைக் கேட்க வேண்டியதில்லை.

ஆங்கிலம் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அடுத்த படிக்குப் போங்கள். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கதையில் நடந்த விஷயம் மாறுமா, வாக்கியத்தின் சாயல் மட்டும்தான் மாறுமா? சாயல் என்றால் உங்கள் காதை நம்பி எழுதுங்கள். நடந்ததே மாறும், பிரதியிலும் வேறெங்கும் விடை இல்லை என்றால் கேளுங்கள். நான் ஒரு நாவல் முழுக்கக் குறித்துவைத்து, கடைசியில் ஒரே கடிதமாக அனுப்புவேன். முதலில் நாற்பது குறிப்பு இருந்தாலும் இரண்டாம் வாசிப்பில் ஏழெட்டுதான் மிஞ்சும்.

கோபியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: முன்னும் பின்னும் நாலு வரி படித்தால் எந்தக் குழப்பமும் தீர்ந்துவிடும் அம்மா. மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கேட்பது எதற்கு?

முக்கால்வாசி நேரம் நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. மிச்சக் கால்வாசியில் நான் ஒருமுறை மாட்டியிருப்பேன். ஈரோட்டுப் பக்கத்துக் கதை ஒன்றில் இப்படி ஒரு வரி வந்தது: 'அண்ணனைப் போல அவன் தோட்டத்தை விற்கவில்லை.'

அண்ணன் விற்றான், இவன் விற்கவில்லை என்று படிக்கலாம். அண்ணனும் விற்கவில்லை, இவனும் விற்கவில்லை என்றும் படிக்கலாம். 'போல' என்ற சொல்லோடு எதிர்மறை வினை வந்தாலே இந்த வம்பு உண்டு. 'அவனும் விற்கவில்லை' என்று ஓர் 'உம்' இருந்திருந்தால் இரண்டாவது அர்த்தம் உறுதியாகியிருக்கும். 'உம்' இல்லை என்பதால் மட்டும் முதலாவதுதான் என்று சொல்லிவிட முடியாது, பேச்சில் அதை விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்திலும் மழுப்பி எழுத வழி இருக்கிறது. ஆனால் தமிழில் இயல்பாக இருப்பது அங்கே மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றமாகத்தான் படும்.

நீங்கள் சொன்னபடியே முன்னும் பின்னும் தேடினேன். ஆறு பக்கம் தள்ளி, 'அண்ணன் கிணத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது' என்று இருந்தது. அப்படியானால் தோட்டம் இன்னும் அண்ணன் கையில்தான் இருக்கிறது, இரண்டு பேரும் விற்கவில்லை என்று முடிவுகட்டி எழுதியும்விட்டேன். கடைசி அத்தியாயத்தில் வண்டித்தடத்துக்காக ஒரு சண்டை வருகிறது. தடத்தை அடைத்தவன் யார் என்று புரியாமல்தான் எழுத்தாளரைக் கூப்பிட்டேன்.

'அண்ணன் எப்பவோ வித்துட்டானுங்க. மோட்டார் ஓட்டறது வாங்கின ஆளு. ஆனா ஊருக்குள்ள அது இன்னும் அண்ணன் கெணறுதான்' என்றார்.

நிலம் கைமாறினாலும் பேர் மாறாமல் இருப்பது நம் பக்கம் சாதாரணம். நான் ஆதாரம் என்று பிடித்துக்கொண்ட வரியே என்னைத் தப்பான பக்கம் இழுத்திருக்கிறது. அதனால் சூழலில் ஒரே ஒரு சாட்சிதான் கிடைத்தது, முடிவு தப்பானால் கதையே திரும்பிவிடும் என்றால் இப்போது கேட்டுவிடுகிறேன். தனித்தனியாக இரண்டு இடம் ஒரே பக்கம் காட்டினால் கேட்பதில்லை.

கோவையிலிருந்து தமிழாய்வு மாணவி: தொல்காப்பியம் இதைத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்கிறதே? உரையில் வரும் 'புலி கொல் யானை'யில் கொன்றது எது, செத்தது எது என்று இலக்கணமே இரண்டையும் அனுமதிக்கிறது. அப்படியானால் இலக்கணம் தெரிந்தவரும் கேட்கத்தான் வேண்டுமா?

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். புலியைக் கொன்ற யானை என்றும் கொள்ளலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் கொள்ளலாம். 'புலியை' என்பதில் உள்ள 'ஐ' உருபு மறைந்து நிற்கலாம் என்பதால் வரும் சிக்கல் இது. ஆனால் இந்த வகைக்கு நான் கேள்வி அனுப்பியது மிகக் குறைவு, காரணமும் இலக்கணத்திலேயே இருக்கிறது. மனிதரைக் குறிக்கும் பெயர் செயப்படுபொருளாக வந்தால் 'ஐ' மறையாது. 'முருகன் அடித்த ஆள்' என்றால் அடி வாங்கியது அந்த ஆள்தான். இருபுறமும் விலங்கு, செயலும் எந்தப் பக்கமும் நடக்கக்கூடியது என்றால்தான் ஐயம் வரும். 'நாய் கடித்த பூனை' மாதிரி. அடுத்த வரியில் ரத்தம் யார் மேல் இருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தாராபுரத்திலிருந்து ஒரு விவசாயி: ஏனுங்க, எங்க அப்பாரு எழுதி வச்ச பாகப்பத்திரத்துல 'கிணற்றில் பாதியும் மோட்டாரும் இளைய மகனுக்கு'ன்னு இருக்குது. மோட்டாரு முழுசா, பாதியா? வெளிநாட்டுல இருக்கற பையனுக்கு இங்கிலீஷ்ல வேணும். நீங்களே ஒண்ணைப் போட்டுக் குடுத்துடுங்க.

நான் ஒன்றைப் போட்டால் அது மொழிபெயர்ப்பாக இருக்காது, தீர்ப்பாகிவிடும்ங்க. எழுதியவரைக் கேட்கவும் வழியில்லை. மற்றவர்களைக் கேட்டாலோ, ஆளுக்குத் தகுந்த அர்த்தத்தைத்தான் சொல்வார்கள். 'கிணற்றிலும் மோட்டாரிலும் பாதி' என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. இப்போது செய்யக்கூடியது, இரண்டாகப் படிக்கலாம் என்பதை ஆங்கிலத்தில் அடிக்குறிப்பாகப் போட்டு, தமிழ் வரியையும் பக்கத்திலேயே கொடுப்பது. யாருக்கு எவ்வளவு என்பதை வக்கீல் பார்க்கட்டும்.

காங்கயத்திலிருந்து ஒரு வாசகி: எங்க ஊர்க் கதை ஒண்ணுல 'அப்பாரு'ங்கறதை அப்பான்னே மொழிபெயர்த்துட்டாங்க. 'பொழுதோட வர்றேன்'கறது 'சீக்கிரம் வர்றேன்'னு ஆயிடுச்சு. எழுத்தாளர்கிட்டக் கேட்டிருக்கணும் இல்லைங்களா?

இந்த இரண்டிலும் எழுத்தாளர் ஐயம் எதையும் வைக்கவில்லை. நம் பக்கம் அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா, அம்மாவின் அப்பா அப்புச்சி. பொழுதோட என்றால் சாயங்காலம். இதை ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், எழுத்தாளரின் நேரத்தை இதற்குச் செலவழிக்க வேண்டாம். ஆனால் கேட்கத் தோன்றுவதுதான் கஷ்டம். தெரியாத சொல் கண்ணில் உறுத்தும், தெரிந்த மாதிரி இருக்கும் சொல் உறுத்தாமலே போய்விடும். அதனால் கொங்குக் கதை என்றால் வரைவை ஊர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டச் சொல்வேன்.

பல்லடத்துத் தம்பி மறுபடியும்: கேட்டாலும் 'உங்க விருப்பம்ங்க'ன்னு சொல்லிடறாங்களே அக்கா?

கேள்வியை மாற்றிப் பாருங்கள். 'இந்த வரிக்கு என்ன அர்த்தம்' என்று கேட்டால் அவருக்குச் சங்கடமாகிவிடும், சரியாக எழுதவில்லை என்று சொல்வதாக நினைப்பார். கதையில் நடந்ததைக் கேளுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

'பக்கம் 42. அண்ணனின் தோட்டம் இப்போது யார் கையில் இருக்கிறது? ஆங்கிலத்தில் அண்ணன் விற்றாரா இல்லையா என்று சொல்லியே ஆகவேண்டும். இருபதாம் தேதிக்குள் தெரிந்தால் நல்லது. அதற்குள் முடியாவிட்டால், விற்றார் என்று வைத்துப் பதிப்பாளருக்கும் குறிப்பு எழுதிவிடுகிறேன்.'

என் ஊகத்தைக் கடைசியில்தான் வைப்பேன். முதலிலேயே சொன்னால் மரியாதைக்காகச் சரி என்று விடுகிறவர்கள் நிறைய.

சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர்: நான் கேட்டேன். கதையில் வரும் டாக்டர் ஆணா பெண்ணா என்று. 'தெரியக்கூடாது என்றுதான் எழுதினேன்' என்றார் ஆசிரியர். இப்போது என்ன செய்வது?

கேட்டதால்தான் அது வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தது. தமிழில் 'அவர் வந்தார்' என்றால் போதும். ஆங்கிலத்தில் ஒரு சிறுகதை வரைக்கும் 'டாக்டர்' என்பதையே திரும்பத் திரும்பப் போட்டுச் சமாளித்திருக்கிறேன். நாவலில் அது தாங்காது. 'they' என்ற பலர்பால் சொல்லை ஒருவருக்கே பயன்படுத்துவது இப்போது ஆங்கிலத்தில் வழக்கம்தான். ஆனால் என் பதிப்பாசிரியர்களில் ஒருவர் அதை ஏற்றார், இன்னொருவர் வாசகர் இரண்டு டாக்டர்கள் என்று நினைப்பார் என்று திருப்பி அனுப்பினார். உங்கள் கதை எத்தனை பக்கம், டாக்டர் எத்தனை இடத்தில் வருகிறார் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் மேலே சொல்ல முடியும்.