அம்மா சொன்னதை அம்மா சொன்னபடி

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு அண்ணன் செய்த ரகளையில் அம்மாவுக்குக் கையில் காயம். ஸ்டேஷனில் அம்மா, "கை எரியுதுய்யா. கதவ அவ சாத்தினா. அவன் இழுத்தான், நான் நிலைல இடிச்சுக்கிட்டேன். பால்காரன் வந்துட்டுப் போனப்புறம்தான் பத்திரம் கேட்டான்" என்று முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். நான் அதை ஒழுங்குபடுத்தி, "காலை 7 மணிக்கு மகன் பத்திரம் கேட்டார், மறுத்ததால் அடித்தார்" என்று கன்னடத்தில் சொன்னேன். அப்படியே எஃப்.ஐ.ஆர். பதிவானது. அண்ணி பேச்சை மட்டும் எடுக்கவில்லை, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யாரோ நகலை வாசித்துக் காட்ட, அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நல்லதுக்குத்தானே செய்தேன்? அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது?
— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: "அண்ணி பேச்சை மட்டும் எடுக்கவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. கதவைச் சாத்தியது யார் என்று அம்மா வாய்விட்டுச் சொன்னார். அதை வெட்டிவிடும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது? அண்ணியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அம்மாவிடம் பேசியிருக்கலாம். வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தால் அது அவர் உரிமை. காயம்பட்ட கையோடு ஸ்டேஷனுக்கு வந்தவரின் பேச்சை, அவருக்குத் தெரியாமல், அவருக்குப் புரியாத மொழியில் குறைத்தீர்கள். பிள்ளைகள் பாசம் எனக்கும் புரிகிறது. ஆனால் பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பெற்றவளின் வாயை அடைப்பதைக் குடும்பக் கடமை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதனால் வழக்குக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர். மட்டுமே சாட்சியம் ஆகிவிடாது. புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறும்போது அவர் பேச்சை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்கு அம்மா உண்மையைத்தான் சொல்வார்: மருமகள் கதவைச் சாத்தினாள் என்று. எதிர்த்தரப்பு வக்கீல் எஃப்.ஐ.ஆரைக் கையில் வைத்துக்கொண்டு, "புகாரில் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, இதெல்லாம் பிறகு யோசித்துச் சேர்த்ததுதானே?" என்பார். முக்கியமான ஒன்றை முதலில் சொல்லாமல் விட்டதையே முரண்பாடாகக் காட்ட முடியும். அறையில் ஒருவரை அடைத்துவைப்பது தனியாகவே ஒரு குற்றம், அதனால் அந்த வரி சின்ன விஷயமும் அல்ல. நீங்கள் விட்டதற்கு அம்மா பொய் சொன்னவர் ஆவார்.

"அடித்தார்" என்பதும் அப்படித்தான். இழுத்தான், நிலையில் இடித்துக்கொண்டேன் என்கிறார் அம்மா. ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். எப்படிக் காயம் பட்டது என்று கேட்டு அவர்கள் பதிவேட்டில் எழுதிவைப்பார்கள், அது காயச் சான்றிதழோடு நீதிமன்றத்துக்கு வரும். ஒரே காயத்துக்கு இரண்டு காரணம்! உங்கள் அண்ணன் செய்தது அடித்ததைவிடக் குறைவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரிதாகக் காட்ட நினைத்த அந்த ஒரு சொல்லே அவர் தப்பிக்க வழியாகிவிடும்.

அப்புறம் அந்த 7 மணி. அம்மா கடிகாரம் பார்த்தாரா? பால்காரர் வந்துபோன பிறகு என்பதுதான் அவருக்குத் தெரிந்த நேரம். அப்படியே எழுதியிருந்தால் விசாரணை அதிகாரி பால்காரரைத் தேடிப் போய், எத்தனை மணிக்கு வந்தீர்கள், வீட்டில் சத்தம் கேட்டதா என்று கேட்டிருப்பார். ஒரு சாட்சி கிடைத்திருப்பார். இப்போது அண்ணன் 7 மணிக்கு வேறு எங்கோ இருந்ததாகக் காட்டிவிட்டால் போதும்.

முன்னுக்குப் பின்னாகப் பேசினார் என்கிறீர்களே, அடிபட்டு வந்தவர் பின்னே எப்படிப் பேசுவார்? எரிகிற கையிலிருந்துதான் தொடங்குவார். மொழிபெயர்ப்பவர் அந்த வரிசையிலேயே போக வேண்டும், ஒரு வாக்கியம் முடிந்ததும் ஒரு வாக்கியம். எது முதலில் நடந்தது என்று தெரிய வேண்டுமானால் எழுதுகிற அதிகாரி கேட்கட்டும். அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டு, அம்மா சொல்லும் பதிலைத் தனியாகச் சொல்லுங்கள். அவர் "நான்" என்றால் நீங்களும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவ" யார் என்று தெளிவில்லாவிட்டால் நீங்களாகப் பெயர் போடாமல், "யாரைச் சொல்கிறார் என்று கேட்கட்டுமா?" என்று அதிகாரியிடம் அனுமதி வாங்கிக் கேளுங்கள். கடைசியில் எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் வரி வரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும். வாய்மொழிப் புகாரை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு. கன்னடம் தெரியாதவருக்குக் கன்னடத்தில் வாசித்தால் அது வாசித்ததாகுமா? அங்கே நீங்கள் அவருக்குத் தமிழில் சொல்லியிருந்தால் அண்ணி விஷயம் அன்றைக்கே வெளிவந்திருக்கும்.

சரி, இனி என்ன செய்வது? பதிவான எஃப்.ஐ.ஆரைத் திருத்தவோ கிழித்துவிட்டு வேறு எழுதவோ முடியாது. ஆனால் விசாரணை அதிகாரியிடம் அம்மா கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். நாள் கூடக்கூட "யோசித்துச் சேர்த்தது" என்ற பேச்சுக்குப் பலம் கூடும். அம்மா உங்கள் வீட்டில் இருந்தால் அங்கேயே வந்து பதியச் சொல்லிக் கேளுங்கள், பெண்களை அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஆடியோ, வீடியோவாகப் பதியவும் அதே சட்டத்தின் 180ஆவது பிரிவு இடம் தருகிறது, அதையும் கேளுங்கள். அப்படிப் பதிந்தால் அம்மாவின் சொந்தத் தமிழ் அப்படியே இருக்கும். விசாரணையில் எழுதும் இந்த வாக்குமூலத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, அதுவும் நினைவிருக்கட்டும்.

இந்த முறை நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அண்ணன், நடுவில் அண்ணிக்காக ஏற்கெனவே ஒரு வரியை விழுங்கிய நீங்கள். பெங்களூரில் தமிழும் கன்னடமும் தெரிந்த, உங்கள் சொத்துத் தகராறில் சம்பந்தமில்லாத ஒருவர் கிடைக்காமலா போவார்? யார் மொழிபெயர்த்தார், தமிழில் திரும்பச் சொல்லிக் காட்டினாரா என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் தடவை விட்டுப்போனது எப்படி என்று உங்களிடமும் கேட்பார்கள். "அம்மா சொன்னார், நான்தான் சொல்லவில்லை" என்று சொல்லுங்கள். அண்ணன் வீட்டில் உங்களைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

அம்மாவைச் சமாதானப்படுத்தும் வழி கேட்டீர்கள். அவரை உட்காரவைத்து, எஃப்.ஐ.ஆரில் இருப்பதை முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். எதை விட்டீர்கள், எதை மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அண்ணி பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு அவரைக் கேளுங்கள். என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள்.