கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம்: மேல்வயிற்று எரிச்சலை வாயு என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மனைவிக்கு இது 34ஆவது வாரம். பிரஷர் 148/96 என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நேற்று எடுத்த பரிசோதனையில் பிளேட்லெட் 1.38 லட்சம் (போன மாதம் 2.20 லட்சம்), எஸ்.ஜி.ஓ.டி. 62, எஸ்.ஜி.பி.டி. 58, ஆல்கலைன் பாஸ்படேஸ் 290, சிறுநீரில் ஆல்புமின் 2+. இரவிலிருந்து மேல்வயிற்றில் எரிச்சல். வாயு என்று நினைக்கிறோம். அடுத்த வாரம்தான் செக்கப். அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். சிசேரியன் செய்யவும், ரத்தமும் பிளேட்லெட்டும் ஏற்றவும், குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கவும் வசதியுள்ள மருத்துவமனைக்கு இன்றே அழைத்துச் செல்லுங்கள். போகும்போது இந்த அறிக்கையோடு போன மாத அறிக்கையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் உங்கள் மனைவியின் நிலையைச் சரியாகக் காட்டுவது இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது தெரியும் மாற்றமே.

முதலில் பிளேட்லெட்டைப் பார்ப்போம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் எல்லாப் பெண்களுக்கும் அது சற்றுக் குறையும்; ரத்த அழுத்தம் இயல்பாக உள்ள ஒரு பெண்ணுக்கு 1.38 லட்சம் என்று வந்தால், வேறு தொந்தரவு எதுவும் இல்லாத பட்சத்தில், கவனித்து வந்தாலே பெரும்பாலும் போதும். உங்கள் மனைவிக்கோ ரத்த அழுத்தமும் இருக்கிறது, ஒரு மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணிக்கையும் இறங்கியிருக்கிறது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் உயர்ந்து மற்ற உறுப்புகளையும் தாக்கும் ப்ரீ-எக்ளாம்ப்சியா என்னும் இந்த நோயில் ரத்தக் குழாய்களின் உள்பூச்சு பழுதடைவதால், அந்த இடங்களில் பிளேட்லெட்டுகள் ஒட்டிச் செலவாகின்றன. நோய் முற்றும்போது எண்ணிக்கை ஒரே நாளில் பாதியாகக்கூடக் குறையலாம் என்பதால், நேற்றைய எண்ணை வைத்து அடுத்த வாரத்தைக் கணிக்க முடியாது. சில சமயம் பரிசோதனைக் குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பொய்யாகக் குறைந்து காட்டுவதும் உண்டு. ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

கல்லீரல் நொதிகளில் அச்சுத்தாளில் தடித்த எழுத்தில் வருவது ஆல்கலைன் பாஸ்படேஸாக இருக்கும், குடும்பத்தினர் பயப்படுவதும் அதைப் பார்த்துத்தான். நஞ்சுக்கொடியே அந்த நொதியைச் சுரப்பதால், இந்த மாதங்களில் 290 என்பது இயல்பு. அதை ஒதுக்கிவிட்டு எஸ்.ஜி.ஓ.டி.யையும் எஸ்.ஜி.பி.டி.யையும் பாருங்கள். இவை இரண்டும் இயல்பான கர்ப்பத்தில் உயர்வதே இல்லை. ஆய்வகம் குறிப்பிடும் உச்ச வரம்பைப் போல இரு மடங்கானால் நோய் தீவிரமடைந்துவிட்டதாகக் கொள்கிறோம். வரம்பு 40 எனில் அந்தக் கோடு 80. உங்கள் மனைவி அதைத் தாண்டவில்லை என்றாலும், பிளேட்லெட் இறங்கும்போதே இந்த நொதிகள் ஏறுவது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு சிறு கோளாறுகள் அல்ல; ஒரே நோய் கல்லீரலையும் தொட ஆரம்பித்திருக்கலாம் என்பதற்கான அடையாளம்.

சிறுநீர்ப் புரதம் 2+ என்பது, ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வரும்போது, ப்ரீ-எக்ளாம்ப்சியா என்று முடிவுசெய்ய உதவுகிறது. ஆனால் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனை சிறுநீர் அடர்ந்திருந்தாலோ, வெள்ளைப்படுதல் கலந்திருந்தாலோ, கிருமித் தொற்று இருந்தாலோ மிகுத்துக் காட்டும். ஆகவே, புரதம்-கிரியேட்டினின் விகிதத்தைக் கேட்டுப் பெறுங்கள், 0.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் புரதம் உண்மையிலேயே கசிகிறது என்று பொருள். நோய் எவ்வளவு கடுமையானது என்பதைப் புரதத்தின் அளவு சொல்வதில்லை. 3+ ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் பிரசவத்தை முன்தள்ளுவதில்லை. அதேபோல், புரதமே இல்லாமல் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போய்விட்டால் ஆபத்து குறைந்துவிடுவதும் இல்லை.

இனி அந்த எரிச்சலைப் பற்றி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது அதுதான். கல்லீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு அது வீங்கும்போது மேலுறை இழுபட்டு, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழேயோ நெஞ்சுக்குழிக்கு அடியிலோ வலி எடுக்கும். அது வாயுத் தொல்லை போலவே இருக்கும். குமட்டலும் வாந்தியும் சேர்ந்தால் அஜீரணம் என்றே எவருக்கும் தோன்றும். ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிக்கு, 20ஆவது வாரத்துக்குப் பிறகு வரும் மேல்வயிற்று வலியை, ரத்தப் பரிசோதனை வேறு காரணத்தைக் காட்டும் வரை, கல்லீரலின் வலியாகவே கருத வேண்டும். ஜெலூசில் கொடுத்து இரவைக் கடத்துவது கூடாது.

மருத்துவமனையில் பிளேட்லெட், கல்லீரல் நொதிகள், கிரியேட்டினின் ஆகியவற்றை உடனே மறுபடி எடுப்பார்கள். கூடவே எல்.டி.எச்., பிலிருபின், ரத்தப் பூச்சு ஆகியவற்றையும் பார்ப்பது அவசியம், ஏனெனில் சிவப்பணுக்கள் சிதைவதை இவையே காட்டும். இன்றைய முதல் பரிசோதனையில் பிளேட்லெட் 1.30 லட்சமும் எஸ்.ஜி.ஓ.டி. 64ம் வந்து, வலியும் அடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் எண்கள் அப்படியே நின்றால், உள்நோயாளியாக வைத்துக் கவனிக்க அவகாசம் கிடைக்கும். அப்படியானால் பிரசவத்தை 37ஆவது வாரத்தை ஒட்டித் திட்டமிடுவது வழக்கம். மாறாக, பிளேட்லெட் 95 ஆயிரமாகவும், எஸ்.ஜி.ஓ.டி. 140 ஆகவும், எல்.டி.எச். 600க்கு மேலும் போய்விட்டால் அது ஹெல்ப் சிண்ட்ரோம். அமெரிக்க மருத்துவர் லூயிஸ் வைன்ஸ்டீன் 1982இல் இந்தப் பெயரை வைத்தார். சிவப்பணுச் சிதைவு, நொதி உயர்வு, பிளேட்லெட் குறைவு என்ற மூன்றும் ஒருங்கே வருவதே அது. அந்த நிலையில் 34 வாரம் ஆகிவிட்ட கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டிய காரணம் இல்லை. வலிப்பு வராமல் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றி, ரத்த அழுத்தத்தை 160/110க்குக் கீழே கட்டுப்படுத்தி, பிரசவத்துக்குப் போவார்கள். பிளேட்லெட் 70 ஆயிரத்துக்கு மேல் இருக்கும் வரை முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட மயக்கவியல் மருத்துவர்கள் பொதுவாக இசைவார்கள். அதற்கும் கீழே இறங்கினால் முழு மயக்கம் தர வேண்டிவரலாம் என்பதாலும் தாமதம் நல்லதல்ல.

கடும் தலைவலி, கண் மங்குதல், மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைதல், ரத்தப்போக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வழியில் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற ஊசி எதையும் போட வேண்டாம்.

பிரசவம் முடிந்த உடனே எல்லாம் சரியாகிவிடுவதில்லை. பிளேட்லெட் முதல் ஓரிரு நாள்களில் இன்னும் இறங்கிவிட்டே ஏறத் தொடங்கும். ஹெல்ப் சிண்ட்ரோமே பிரசவத்துக்குப் பிறகு முதன்முதலாக வெளிப்படுவதும் உண்டு. ஆகையால், குறைந்தது முதல் மூன்று நாள்களுக்கு ரத்த அழுத்தத்தை அடிக்கடி அளந்து, பிளேட்லெட்டும் நொதிகளும் தேறுகின்றன என்று உறுதியான பிறகே வீடு திரும்புங்கள். சிறுநீர்ப் புரதம் மறையச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்தும் அது இருந்தால், அடியில் சிறுநீரக நோய் ஏதும் இருக்கிறதா என்று சிறுநீரகவியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.