முதல் ‘கே’ தொழுவம், இரண்டாவது ‘கே’ எருமை

“லிட்டில் இந்தியா இடப்பெயர்கள் பற்றி 1,800 சொற்களில் எழுதினேன். தேக்கா, சிராங்கூன், கேகே எல்லாவற்றின் பொருளையும் சுருக்கி இன்ஸ்டாகிராமில் போட்டேன். லைக் விழுகிறது, கட்டுரையை யாரும் திறப்பதில்லை.”

எல்லாப் பொருளையும் அங்கேயே கொடுத்துவிட்டதால் படிப்பவருக்குப் பசி அடங்கிவிட்டது. ஒரே ஒரு பெயரை எடுங்கள். நானாக இருந்தால் கேகேதான். சிங்கப்பூரில் எத்தனையோ பேர் பிறந்த மருத்துவமனை அது. கேகேயின் விரிவான கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம் என்று அவர்களில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள்.

பதிவை இப்படி எழுதுங்கள்:

“கேகே மருத்துவமனை. முதல் ‘கே’ தொழுவம், இரண்டாவது ‘கே’ எருமை. பிள்ளை பிறக்கும் இடத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?”

இதோடு நிறுத்திவிடுங்கள். பொருளைச் சொல்லலாம், காரணத்தைச் சொல்லக்கூடாது. அந்தப் பகுதியில் நடந்த மாட்டு வியாபாரம் கட்டுரைக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் அதைக் கட்டுரையின் முதல் சில பத்திகளுக்குக் கொண்டுவாருங்கள். பத்தாவது பத்தியில் கிடந்தால் வந்தவர் ஏமாந்து திரும்பிவிடுவார், அடுத்த முறை நம்பமாட்டார்.

இன்ஸ்டாகிராம் முதல் ஓரிரு வரிகளை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மடித்துவிடும். அதனால் எருமை முதல் வரியிலேயே வரவேண்டும், வணக்கமெல்லாம் வேண்டாம். அங்கே ஒட்டும் இணைப்பைத் தட்டினால் திறக்காது. அதை உங்கள் முகப்பில் வைத்துவிட்டு, “இணைப்பு முகப்பில்” என்று கடைசியில் எழுதுங்கள்.

போடுமுன் கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் காட்டுங்கள். “ஏன் எருமை?” என்று கேட்டால் சரி. “ஓ, அப்படியா” என்றால் இன்னும் அதிகமாகச் சொல்லியிருக்கிறீர்கள்.