கூடுதல் பரிசோதனை கேட்டார்கள், பிரீமியம் ஏறியது: கேள்வி பதில்

கேள்வி: மேடம், எனக்கு வயது 42. ஆயுள் காப்பீட்டில் டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்து, ரத்தமும் கொடுத்தாயிற்று. இப்போது ஹெபடைடிஸ் பி, சி, வயிற்று ஸ்கேன், மறுபடியும் லிவர் டெஸ்ட் என்று கேட்கிறார்கள். எதையோ மறைக்கிறார்களா? போகாமல் விட்டால் என்ன ஆகும்?

பதில்: மறைக்கவில்லை, காரணத்தைத் தேடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தாலே முதல் ரிப்போர்ட்டில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதியின் அளவு உங்களுக்குக் கூடியிருக்கும், ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதியும் கூடியிருக்கலாம். இந்த இரண்டும் ஏற வைரஸ் காரணமாக இருக்கலாம், ஈரலில் படிந்த கொழுப்பாக இருக்கலாம், மது அல்லது ஏதாவது மாத்திரையாகவும் இருக்கலாம். எண் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு காரணத்துக்கும் வரும் ஆபத்து வேறு. அதனால்தான் விண்ணப்பத்தின் ஆபத்தை எடைபோட்டு பிரீமியத்தை முடிவு செய்யும் அண்டர்ரைட்டர் இவற்றைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறார். முதல் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

போகாமல் விட்டால் கெடு முடிந்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் திரும்ப விண்ணப்பித்தால் பழைய ரத்தப் பரிசோதனை காலாவதியாகியிருக்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

போகும்போது ஒரு சிறு கடிதமும் எழுதிக் கொடுங்கள். என்னென்ன மாத்திரை, எவ்வளவு நாளாக, மது உண்டா, உண்டென்றால் வாரத்துக்கு எவ்வளவு, முன்பு ஸ்கேன் எடுத்ததுண்டா என்று இருந்தால் போதும். மது அளவைக் குறைத்து எழுதிவிட்டு ஜி.ஜி.டி. மட்டும் ஏறி நின்றால் அண்டர்ரைட்டருக்கு அந்தக் கடிதம் முழுவதிலுமே சந்தேகம் வந்துவிடும். ரிப்போர்ட் அழகாக வரட்டும் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: நான் லேப் வைத்திருக்கிறேன். ஜிம்மில் கடுமையாக எடை தூக்கிவிட்டு மறுநாள் ரத்தம் கொடுப்பவர்களுக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டுமே ஏறும். லிவர் நோய் என்று பயந்து வருகிறார்கள். இதையும் சொல்லுங்கள் மேடம்.

பதில்: நல்ல குறிப்பு. அந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன. ஜி.ஜி.டி. தசையிலிருந்து வருவதில்லை. ஆகவே ஜி.ஜி.டி. சரியாக இருந்து, தசைக்கான சி.கே. அளவு ஏறியிருந்தால் ஈரலைக் குறை சொல்ல முடியாது. மறுபரிசோதனைக்கு முன் ஒரு வாரம் கனமான பயிற்சியை விட்டுவிடுங்கள், சி.கே.யும் சேர்த்துப் பாருங்கள் என்பேன். ஜி.ஜி.டி.யும் ஏறியிருந்தால் ஜிம் கதையை அண்டர்ரைட்டர் ஏற்க மாட்டார், நானும் ஏற்க மாட்டேன்.

கேள்வி: முதலில் கேட்ட 42 வயதுக்காரன்தான் மேடம். வைரஸ் இல்லை. எஸ்.ஜி.பி.டி. முதலில் 96, மறுமுறை 88. ஜி.ஜி.டி. 92. ஸ்கேனில் முதல் நிலைக் கொழுப்பு ஈரல். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 6.1, பி.எம்.ஐ. 31. ஜிம் பக்கமே போனதில்லை. மது கிடையாது. 75 சதவீத லோடிங், அதாவது கூடுதல் பிரீமியம், போட்டிருக்கிறார்கள். "லேசான கொழுப்புதான், பயப்படாதீங்க" என்கிறார் என் டாக்டர். இது கொள்ளை இல்லையா?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வதும் சரி, அவர்கள் போட்டதும் புரிகிறது. டாக்டர் பார்ப்பது இன்று உங்களுக்குச் சிகிச்சை தேவையா என்பதை. அண்டர்ரைட்டர் பார்ப்பது இதே நிலையில் உள்ள பல்லாயிரம் பேரில் அடுத்த 20, 30 ஆண்டுகளில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதை.

கணக்கு ஏறக்குறைய இப்படிப் போகும். சாதாரண நபரின் இறப்பு ஆபத்துக்கு 100 புள்ளி. எடைக்கு 25, இரண்டு முறையும் இறங்காத ஈரல் நொதிகளுக்கு 25, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதற்கு 25 என்று கூட்டினால் 175 வருகிறது. ஒவ்வொரு கம்பெனியின் கையேடும் வேறு, எனவே உங்கள் 75 இதே போல் பிரிந்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொழுப்பு ஈரல் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. எடை, ஈரல், சர்க்கரை மூன்றும் ஒரே திசையில் நிற்பதுதான் அவர்களை யோசிக்க வைத்திருக்கிறது. ஹெச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 ஆனால் நோய். 6.1 அதற்கு நடுவில் இருக்கிறது.

175 என்றால் நீங்கள் சீக்கிரம் போய்விடுவீர்கள் என்று அர்த்தமில்லை. உதாரணத்துக்கு, உங்கள் வயதில் ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 2 பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களைப் போன்ற ஆயிரம் பேரில் 3.5 பேர் என்று எதிர்பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது வேறு. புதிய பிரீமியத்துக்கு நீங்கள் கையெழுத்திட்டு மீதித் தொகை கட்டும்வரை காப்பு தொடங்கியிருக்காது. சண்டை போட்டுக்கொண்டு கெடுவைத் தாண்டவிடாதீர்கள். எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தெந்த முடிவுக்காக எவ்வளவு ஏற்றினார்கள், பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்பான ரைடருக்கும் லோடிங் உண்டா, பாலிசி கொடுத்த பிறகு மறுபரிசீலனை செய்வார்களா, எப்போது. கடைசிக் கேள்விக்குச் சில இடங்களில் "இல்லை" என்றே பதில் வரும், அதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பியவர்கள் இருந்து, வேறு காப்பும் இல்லையென்றால், நான் வாங்கிவிடுவேன். மறுபரிசீலனைக்குப் போகும்போது ஒரே ஒரு நல்ல ரிப்போர்ட் போதாது. எடை குறைந்து, சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டுகளிலும் எஸ்.ஜி.பி.டி. சாதாரண அளவுக்குள் இருந்தால் பேச இடமுண்டு.

இன்னொன்று: உங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். அதனாலும் ஹெச்.பி.ஏ.1.சி. உண்மையைவிடக் கூடக் காட்டும். இருந்தால் சாப்பிடாமல் எடுத்த சர்க்கரை அளவோடு சேர்த்து டாக்டர் கடிதம் அனுப்பலாம்.

கேள்வி: எதுக்கு இவ்வளவு அலைச்சல்? வேற கம்பெனியில போட்டா சுத்தமா வரும். இவங்க ரிப்போர்ட் அவங்களுக்கு எப்படித் தெரியும்?

பதில்: பாதி சரி. ஒரே ரிப்போர்ட்டுக்கு ஒரு கம்பெனி 75 போட, இன்னொன்று 50 போடுவதோ ஒன்றுமே போடாததோ நடக்கும். வேறு இடத்தில் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் "வேறு நிறுவனம் லோடிங் போட்டதா, ஒத்திவைத்ததா, மறுத்ததா?" என்ற கேள்வி இருக்கும். அங்கே "இல்லை" என்று எழுதினால் பின்னால் க்ளைம் வரும்போது வாதாட வேண்டியது உங்கள் மனைவியோ அம்மாவோதான். "ஆம்" என்று எழுதி ரிப்போர்ட்டுகளையும் இணையுங்கள். முறையாக விண்ணப்பிக்கும் முன்பே, பெயர் சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் காட்டி என்ன போடுவார்கள் என்று முகவர் மூலம் விசாரிக்கவும் வழி உண்டு.

கேள்வி: எனக்கும் சுகர் இருக்கும்மா. ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்த இன்சூரன்ஸ்ல பணம் தரமாட்டேன்னுட்டாங்க. அன்னிக்கே லோடிங் கட்டியிருந்தா கிடைச்சிருக்குமா?

பதில்: அது வேறு வகைக் காப்பு ஐயா. இங்கே பேசுவது இறப்புக்கான பாலிசி. மருத்துவச் செலவுப் பாலிசியில் லோடிங் கட்டியிருந்தாலும் காத்திருப்புக் காலம் தனியாக இருக்கலாம். மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணம் அந்தக் காலமா, சுகரை விண்ணப்பத்தில் சொல்லாததா என்று பாருங்கள். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: சிகரெட்டை விட்டு எட்டு மாதம். நிகோடின் சூயிங்கம் மட்டும்தான். சிறுநீரில் கோடினின் பாசிட்டிவ் என்று புகைப்பவர் விலை போட்டுவிட்டார்கள். நியாயமா மேடம்?

பதில்: கோடினின் நிகோடினிலிருந்து வருவது. அது சிகரெட்டா சூயிங்கமா என்று அந்தப் பரிசோதனைக்குத் தெரியாது. அனபேசின் என்று இன்னொன்று உண்டு, அது புகையிலையில் இருக்கும், சூயிங்கத்தில் இருக்காது. அதைப் பார்த்து வித்தியாசம் சொல்லலாம். ஆனால் கம்பெனி அதை ஏற்குமா என்பது அவர்கள் விதியைப் பொறுத்தது. பல இடங்களில் 12 மாதம் எந்த வடிவிலும் நிகோடின் கூடாது என்றே வைத்திருக்கிறார்கள். இது கொஞ்சம் கடுமைதான் என்று நினைக்கிறேன். என்னோடு வேலை செய்தவர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.