முழு மீன் வெளியே கருகி, முள்ளோரம் வேகாமல் இருந்தால்

“அக்கா, இங்கே வந்து சில மாதம்தான் ஆகிறது. வீட்டில் எலக்ட்ரிக் அடுப்பு, ஒரு கனமான பேன், வெளியே சின்னதாக ஒரு கிரில் இருக்கின்றன. 700 கிராம் முழு மீனைப் பொரித்தால் தோல் கருகுகிறது, முள்ளுக்குப் பக்கத்தில் சிவப்பாகப் பச்சையாகவே இருக்கிறது. எடைக்கு எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்? வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?”

தம்பி, நிமிடக் கணக்குக்குப் போவதற்கு முன் அந்தச் “சிவப்பு” என்ன என்று பாருங்கள். நடுமுள்ளின் அடியில், வயிற்றுக் குழியின் கூரை மாதிரி, நீளமாகக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். அது மீனின் சிறுநீரகம். கடையில் குடலை எடுத்துத் தருகிறவர்கள் பலர் அதைத் தொடுவதில்லை. எவ்வளவு வெந்தாலும் அது கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும், கொஞ்சம் கசக்கவும் செய்யும். அதைப் பார்த்துவிட்டு மீன் வேகவில்லை என்று மறுபடி அடுப்பில் போட்டு உலர்த்திவிடுகிறவர்கள் நிறைய. அதன் மேலுள்ள மெல்லிய சவ்வைக் கத்தி முனையால் கீறி, ஸ்பூனால் சுரண்டி, குழாயடியில் கழுவிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. நிறத்தைப் பார்க்க வேண்டியது சதையில்.

ஃப்ரீசரில் இருந்த மீன் என்றால் இன்னொன்றும் உண்டு. தோல் மெத்தென்று இருக்கும், நடுமுள்ளை ஒட்டி மட்டும் ஐஸ் மிச்சம் இருக்கும். முந்தின நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். சமைக்குமுன் வயிற்றுக்குள் விரலை விட்டு முள்ளைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் தட்டினால் நிமிடக் கணக்கு எதுவும் பலிக்காது.

இப்போது எடை. 500 கிராம் மீனுக்கு 12 நிமிடம் என்றால் ஒரு கிலோவுக்கு 24 நிமிடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது தப்பு. சூடு தோலிலிருந்து நடுமுள்வரை போக வேண்டிய தூரம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. எடை இரண்டு மடங்கானால் மீன் நீளத்திலும் உயரத்திலும் பருமனிலும் சேர்ந்தே வளர்கிறது, அதனால் பருமன் கால் பங்குதான் கூடும். நேரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதற்குச் சற்று மேல். ஆக, சுத்தம் செய்து தலையோடு நிறுத்த 500 கிராம் மீன் பேனில் 12 நிமிடம் எடுத்தால், உங்கள் 700 கிராம் மீனுக்கு 15, ஒரு கிலோ மீனுக்கு 19 என்று வைத்துக்கொள்ளலாம். இது உருண்டையான உடல்வாகு உள்ள மீனுக்கு. தட்டையான மீன் அதே எடையில் இன்னும் சீக்கிரம் வெந்துவிடும், அதற்கு எடையை மறந்துவிட்டுப் பருமனைப் பாருங்கள்: மிகத் தடித்த இடத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நிமிடம்.

கீறல் போடுவது அழகுக்காக இல்லை. தலைக்குப் பின்னால் முதுகுப்பக்கம்தான் சதை தடிமன், வால்பக்கம் மெலிவு. கீறாமல் விட்டால் வால் உலர்ந்துபோகும் நேரத்தில்தான் தோள்பட்டை வேகும். அந்தத் தடித்த பாகத்தில் மட்டும், இரண்டு பக்கமும், சாய்வாக மூன்று கீறல் போடுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி போதும். முதல் கீறலைச் செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, கத்தி முள்ளில் தட்டும் முன் நிறுத்துங்கள். வயிற்றுச் சுவர் மெல்லியது, அதுவரை கீறலை இழுத்தால் திருப்பும்போது கிழியும். கீறிய தோல் சூட்டில் சுருங்கி மீனை வில்லாக வளைக்காது என்பது உபரி லாபம்.

கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் உப்புத் தடவிக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். பிறகு பேப்பர் டவலால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், கீறலுக்குள்ளும்தான். ஈரத் தோல் பேனில் ஒட்டும்.

எலக்ட்ரிக் தட்டு மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். குமிழைக் குறைத்தாலும் சில நிமிடத்துக்குப் பழைய சூடுதான் வரும். உங்கள் மீன் கருகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முழுச் சூட்டில் வைக்காமல், நடுத்தரத்துக்குச் சற்று மேலே வைத்து, காலிப் பேனை நாலைந்து நிமிடம் காய விடுங்கள். எண்ணெய் ஊற்றி அது நெளிய ஆரம்பித்ததும் மீனை வைத்து, அரை நிமிடம் தோளை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். உடனே குமிழை நடுத்தரத்துக்கு இறக்குங்கள். எண்ணெய் புகைய விட்டால் தோலும் கருகும், புகை அலாரமும் அலறும்.

முதல் பக்கம் 7 நிமிடம். நடுவில் நகர்த்தக் கூடாது. தோல் சிவந்ததும் தானாகவே பிடியை விடும், கரண்டியை நுழைக்கும்போது இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். முதுகுப்பக்கமாகத் தட்டைக் கரண்டியை விட்டு, இன்னொரு கையால் தாங்கி, வயிற்றுப்பக்கமாக உருட்டினாற்போல் திருப்புங்கள். அடுத்த பக்கம் 6 நிமிடம். பிறகு பேனையே அந்தச் சூட்டுத் தட்டிலிருந்து நகர்த்தி, சற்றுத் திறந்தாற்போல் மூடி 2 நிமிடம். மொத்தம் 15.

கிரிலில் கணக்கு ஏறக்குறைய அதேதான், ஆனால் நெருப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு பாதியில் கரி, மறு பாதி காலி. கம்பியை நன்றாகக் காய வைத்துச் சுரண்டி, எண்ணெயை மீனில் தடவுங்கள். பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கரிக்கு மேல் வைத்துத் தோலைச் சிவக்கவிட்டு, மீதி நேரத்துக்குக் காலிப் பக்கம் தள்ளி மூடிவிடுங்கள். முதுகு கரியைப் பார்த்து இருக்கட்டும், வயிறு அந்தப் பக்கம். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீனைப் பேனில் முயல வேண்டாம் என்பது என் கருத்து. கிரிலின் காலிப் பக்கமோ ஓவனோதான் அதற்குச் சரி.

சோதிப்பது ஒரே இடத்தில்: செவுளுக்குப் பின்னால் உள்ள முதல் கீறல். மெல்லிய கத்தி முனையை நடுமுள்ளில் தட்டும்வரை இறக்கி, பத்து விநாடி விட்டு, எடுத்து உதட்டுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் பச்சை, வெதுவெதுப்பு என்றால் ஓரிரு நிமிடம் பாக்கி, சுடுகிறது என்றால் ஆயிற்று. தெர்மாமீட்டர் இருந்தால் அதே இடத்தில் 63 டிகிரி செல்சியஸ், முனை முள்ளைத் தொடாமல். பிறகு கத்தியை லேசாகத் திருகிச் சதையை விலக்கிப் பாருங்கள். வெந்த சதை பால்நிறமாகி முள்ளைவிட்டுக் கழன்று வரும். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவித் தெரிந்தாலோ முள்ளைக் கெட்டியாகப் பிடித்திருந்தாலோ வேகவில்லை. கண் வெள்ளையானதை நம்பாதீர்கள், அது முள் வேகும் முன்பே வெளுத்துவிடும்.

அப்படிப் பச்சையாக இருந்தால் மறுபடி சூட்டை ஏற்றவோ மீனைத் திருப்பவோ வேண்டாம். குறைந்த சூட்டில், முழுக்க மூடி, 2 நிமிடம் வைத்து அதே கீறலில் மறுபடி பாருங்கள். தோல் கொஞ்சம் மொறுமொறுப்பை இழக்கும், மீன் தப்பிக்கும்.